‘ஆண்கள் 21, பெண்கள் 9’ என்று எழுதாதீர்கள்: தெரிவுப் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுப் பணிக்கு ஆள் தெரிவு செய்யும் ஆணையங்களிலும் வாரியங்களிலும் இறுதிப் பட்டியலைத் தயாரிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போலவே நானும் இனச்சுழற்சிப் பதிவேட்டோடு வாழ்ந்தவன். ஓர் அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில், போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். பாடம் நடத்தும் அளவுக்கு எனக்குத் தெரியாது. முடிவு வந்ததும் பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்களே, அதைப் படித்துச் சொல்வதுதான் என் வேலை.

அப்படி ஒரு தம்பி வந்தார். கையில் ஒரு தெரிவுப் பட்டியல். எந்த அமைப்பு வெளியிட்டது என்பது இங்கே தேவையில்லை. “ஐயா, என் மதிப்பெண் 245. பொதுப் போட்டிப் பட்டியலில் எனக்கு இடமில்லை. ஆனால் 241 வாங்கிய ஒரு பெண் அதில் இருக்கிறார். பெண்கள் ஒதுக்கீடு என்றே வைத்துக்கொள்வோம். அவர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஆயிற்றே, அவருக்குப் பொதுப் போட்டியில் எப்படி இடம் வந்தது?” என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற நிச்சயம்தான் அதிகம் இருந்தது.

யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பட்டியல் சரியானது. ஆனால் அது சரியானது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பிற்பகல் பிடித்தது. தரவரிசைப் பட்டியலைத் தனியே இறக்கி, தெரிவானவர்களின் பதிவெண்களை அதில் ஒவ்வொன்றாகக் குறித்து, சமூகத்தையும் பாலினத்தையும் பக்கத்தில் எழுதிக் கூட்டிக் கழித்த பிறகே தெரிந்தது. நீங்கள் வெளியிட்ட தாளில் விடை மட்டும் இருக்கிறது, வழி இல்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இதைப் படிக்கப்போகும் தேர்வர்களுக்காகவும் எழுதுகிறேன்.

இடஒதுக்கீட்டில் இரண்டு வகை உண்டு என்பதை இந்திரா சாஹ்னி வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்று சமூக அடிப்படையில் வருவது செங்குத்து ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் அது 69 விழுக்காடு. மீதி 31 விழுக்காடு பொதுப் போட்டி. பெண்கள், முன்னாள் படைவீரர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருவது கிடைமட்ட ஒதுக்கீடு. இது தனிக் கூறு அல்ல. மேலே சொன்ன ஒவ்வொரு கூறையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் கோடு. தமிழ்நாட்டில் பெண்களுக்கு 30 விழுக்காடும், ‘சி’ பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 5 விழுக்காடும் இப்படிக் குறுக்கே ஓடுகின்றன.

இந்த இரண்டு வகையும் எண்ணப்படும் விதம் நேர் எதிரானது. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் தன் மதிப்பெண்ணின் பலத்தில் பொதுப் போட்டியில் இடம் பிடித்தால், அவர் பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் சேர மாட்டார். அந்தக் கணக்கு அப்படியே முழுசாக இருக்கும். ஆனால் ஒரு பெண் தன் மதிப்பெண்ணின் பலத்தில் ஒரு கூறுக்குள் இடம் பிடித்தால், அவர் அந்தக் கூறின் பெண்கள் கணக்கில் சேர்வார். பெண்களுக்கு மூன்று இடம் என்று இருந்து, தகுதி வரிசையிலேயே மூன்று பெண்கள் வந்துவிட்டால் கணக்கு தீர்ந்தது. அதற்கு மேல் யாரையும் கீழிருந்து தூக்கிவர வேண்டியதில்லை. நான்கு பெண்கள் வந்திருந்தால் நான்காமவரை விலக்கவும் முடியாது. ஒரு குளத்தில் இதற்குக் கீழே நீர் இறங்கக் கூடாது என்று மட்டக்கல் நட்டு வைப்பதைப் போன்றது இது. நீர் அதற்கு மேலே நின்றால் கல்லுக்கு வேலை இல்லை.

தம்பிக்குக் காட்டிய கணக்கை இங்கே எண்களைச் சுருக்கித் தருகிறேன். பொதுப் போட்டிக்குப் பத்து இடங்கள், அதில் குறைந்தது மூன்று பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் சமூகத்தையும் சேர்த்த ஒரே தரவரிசையில் முதல் பத்துப் பேரை எடுக்கிறோம். இவர்களில் சாதிச் சான்றிதழைப் பார்ப்பதில்லை. நான்காவது ரேங்கில் ஒரு பெண், ஒன்பதாவது ரேங்கில் இன்னொரு பெண். மற்ற எட்டுப் பேரும் ஆண்கள். ஆக, இரண்டு பெண்கள் தாமாகவே வந்துவிட்டார்கள், ஒருவர் குறைகிறார்.

பத்துக்குக் கீழே இறங்கிப் பார்க்கிறோம். முதலில் தென்படும் பெண் பதின்மூன்றாம் ரேங்க், 241 மதிப்பெண், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அடுத்த பெண் பதினேழாம் ரேங்க், 236 மதிப்பெண், எந்த ஒதுக்கீட்டுப் பிரிவையும் சேராதவர். பொதுப் போட்டியின் பெண்கள் இடத்துக்கு வர வேண்டியவர் 241தான். பத்துப் பேரில் கடைசியாக இருக்கும் ஆண், அதாவது பத்தாம் ரேங்க், அவருக்காக விலகுகிறார். நம் தம்பிதான் அந்தப் பத்தாம் ரேங்க். அவர் பிற்படுத்தப்பட்ட வகுப்பாக இருந்திருந்தால் இங்கிருந்து விலகிப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் உச்சியில் போய் அமர்ந்திருப்பார். அவருக்கு அந்த வழி இல்லை. அதனால் 245 வெளியே, 241 உள்ளே.

“சரி ஐயா, அந்த 236 வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது” என்றார். வருத்தம் புரிகிறது, சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. பொதுப் போட்டி என்பது எந்தச் சமூகத்துக்கும் எழுதிவைத்த பங்கு அல்ல. அதிலுள்ள பெண்கள் இடமும் ‘ஒதுக்கீடு இல்லாத சமூகப் பெண்கள்’ இடம் அல்ல. எல்லாப் பெண்களுக்கும் பொதுவான இடம். இதைத் தீர்த்துவைத்தது உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வு வழக்கு. அங்கே பொதுப் பிரிவில் கடைசியாகத் தெரிவான பெண்ணின் மதிப்பெண் 274.8298. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண் 276.5949 வாங்கியும் வெளியே நின்றார். உன் வகுப்புக்குள்ளேயே பெண்கள் இடத்தைத் தேடிக்கொள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். சவுரவ் யாதவ் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. குறைந்த மதிப்பெண் வாங்கியவர் உள்ளேயும் கூடுதலாக வாங்கியவர் வெளியேயும் இருக்கும்படி ஒரு முறை விளைவு தருமானால், அந்த முறையில்தான் கோளாறு.

இது ஒருவகைப் பிழை. பெண்களைச் சாதிக் கூறுகளுக்குள் பூட்டிவைப்பது. இன்னொரு வகைப் பிழை இதைவிடப் பழையது, கண்ணுக்குத் தெரியாதது. அது தரவரிசையைத் தொடும் முன்பே, அறிவிப்பில் இருக்கும் காலியிட அட்டவணையிலேயே தொடங்கிவிடுகிறது.

ராஜஸ்தான் நீதித்துறைப் பணித் தெரிவில் நடந்ததைச் சொல்கிறேன். பொதுப் பிரிவுக்கு 59 இடங்கள், அவற்றில் 11 பெண்களுக்கு. தரவரிசையில் முதல் 59 பேரை எடுத்திருந்தால் அதற்குள்ளேயே 11 பெண்கள் இருந்தார்கள். கணக்கு நேராகிவிட்டது, வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தேர்வாணையம் 59இலிருந்து 11ஐக் கழித்து, முதலில் 48 பேரைத் தகுதி வரிசையில் எடுத்தது. அந்த 48 பேருக்குள்ளேயே அந்த 11 பெண்களும் இருந்தார்கள். பிறகு ‘பெண்கள் இடம்’ என்று தனியே வைத்திருந்த 11 இடங்களுக்கு வேறு 11 பெண்களை எடுத்தது. மொத்தம் 22 பெண்கள். பெண்கள் அதிகம் வந்ததில் என்ன தவறு என்று கேட்கலாம். அவர்கள் தகுதி வரிசையில் வந்திருந்தால் 59 பேரும் பெண்களாக இருந்தாலும் தவறில்லை. இங்கே அப்படி வரவில்லை. 49 முதல் 59 வரை இருந்த 11 பேர், ஏற்கெனவே நிறைவேறிவிட்ட ஓர் ஒதுக்கீட்டுக்காகத் தங்கள் இடத்தை இழந்தார்கள். இந்த முறை செல்லாது என்று 2007இல் ராஜேஷ் குமார் தாரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதே தீர்ப்பில் ஒரு சிறிய உதாரணம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் ஒவ்வொரு தெரிவுப் பிரிவின் சுவரிலும் ஒட்ட வேண்டும். 200 காலியிடங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பெண்களுக்கு 30 விழுக்காடு என்றால், ‘பட்டியல் சாதியினர் 30 இடங்கள், அவற்றில் 9 பெண்களுக்கு’ என்று எழுத வேண்டும். ‘ஆண்கள் 21, பெண்கள் 9’ என்று எழுதுவது தவறு. ஆண்களுக்கு என்று ஓர் ஒதுக்கீடே கிடையாதே!

இப்போது நம் அறிவிப்புகளின் பின்னிணைப்பைப் பாருங்கள். பொதுப் போட்டி (பொது), பொதுப் போட்டி (பெண்), பிற்படுத்தப்பட்டோர் (பொது), பிற்படுத்தப்பட்டோர் (பெண்) என்று கட்டங்கள் தனித்தனியே நிற்கின்றன. அவற்றுக்கு உள்ளே இன்னும் பல கட்டங்கள். இனச்சுழற்சியில் எந்த எண் யாருக்கு என்று குறிக்க இந்தப் பிரிப்பு தேவை. நானே அந்தப் பதிவேட்டை வருடக்கணக்கில் எழுதியவன், மறுக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் கோடு போட்டதால் அந்தக் கட்டத்தைத் தனிப் பெட்டியாக நினைத்து நிரப்பும் பழக்கம் வந்துவிடுகிறது. மேலே சொன்ன பத்து இடக் கணக்கையே அப்படி நிரப்பிப் பாருங்கள். முதலில் ‘பொது’க் கட்டத்தின் ஏழு இடங்களுக்கு முதல் ஏழு ரேங்க், அதில் நான்காம் ரேங்க் பெண்ணும் இருக்கிறார். பிறகு ‘பெண்’ கட்டத்தின் மூன்று இடங்களுக்கு ஒன்பது, பதின்மூன்று, பதினேழு. பெண்கள் நான்கு பேர் ஆகிவிட்டார்கள். தம்பியோடு சேர்த்து எட்டாம் ரேங்க் ஆணும் வெளியே போகிறார். பதினேழாம் ரேங்க் உள்ளே வருகிறார்.

வரிசையை மாற்றி, ‘பெண்’ கட்டத்தை முதலில் நிரப்பியிருந்தால்? நான்கு, ஒன்பது, பதின்மூன்று ஆகிய மூவரும் அங்கே போக, மீதி ஏழு இடங்களுக்கு எட்டாம் ரேங்க் வரையுள்ள ஆண்கள் வருவார்கள். சரியான விடையே கிடைக்கும். ஒரே அட்டவணை, ஒரே தரவரிசை, ஆனால் எந்தக் கட்டத்தை முதலில் நிரப்பினீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு பேரின் வேலை மாறுகிறது. பெண்கள் கட்டத்தை முதலில் நிரப்பினால் எப்போதும் சரியாக வரும் என்றும் எண்ண வேண்டாம். அதற்குப் பிறகு ஏழு இடங்களுக்குப் பெண்களைப் பார்க்காமல் விட்டுவிட்டால், முதல் பத்தில் ஐந்து பெண்கள் வரும் ஆண்டில் இரண்டு பெண்கள் அநியாயமாக வெளியே நிற்பார்கள். பெட்டி பிரிக்காமல், முழுப் பட்டியலை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு எண்ணுவது மட்டுமே எல்லா ஆண்டிலும் சரியாக வரும்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைகள் சட்டம், 2016இன் 26ஆம் பிரிவு, 30 விழுக்காட்டைப் பெண்களுக்கு ஒதுக்கி, மீதி 70 விழுக்காட்டில் இருபாலரும் போட்டியிடலாம் என்ற போக்கில் எழுதப்பட்டது. படிக்க நியாயமாகத் தோன்றும் அந்த வாசகம்தான் இரண்டு பெட்டி முறைக்கு வழி திறந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தலையிட்டு, கிடைமட்ட முறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே எது சரி என்பதில் இனி ஐயமில்லை. செய்தீர்களா என்பதைக் காட்டுவதுதான் பாக்கி.

முன்னாள் படைவீரர் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஏனென்றால் எண்ணிக்கை சிறியது. ஆனால் எண்ணிக்கை சிறியதாக இருக்கும் இடத்தில்தான் ஒரு பிழை ஒரு முழு வேலையாக ஆகிவிடுகிறது.

பிற்படுத்தப்பட்டோருக்குப் பத்து இடங்கள். அவற்றில் மூன்று பெண்களுக்கு. சுழற்சியில் ஓர் இடம் முன்னாள் படைவீரருக்கு விழுந்திருக்கிறது. பொதுப் போட்டிக்குப் போனவர்களை நீக்கிவிட்டு, மீதமுள்ள பிற்படுத்தப்பட்டோரில் முதல் பத்துப் பேரை எடுக்கிறோம். பதின்மூன்றாம் ரேங்க் பெண் பொதுப் போட்டிக்குப் போய்விட்டதால் இங்கே அவர் கணக்கில் இல்லை. இந்தப் பத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், ஒருவர் வேண்டும். பத்தாவதாக, பட்டியலின் அடியில் நிற்பவர் ஒரு முன்னாள் படைவீரர். தம் மதிப்பெண்ணாலேயே பத்துக்குள் வந்துவிட்டார். ஆகவே படைவீரர் கணக்கு நேர். அதற்காகக் கீழிருந்து யாரையும் கொண்டுவர வேண்டியதில்லை.

இப்போது ஒரு பெண்ணை மேலே கொண்டுவர யாரை விலக்குவது? ‘கடைசி ஆண்’ என்று கணினிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அது படைவீரரை விலக்கிவிடும். உடனே படைவீரர் கணக்கு உடையும். அதைச் சரிசெய்ய, பட்டியலில் எங்கோ கீழே இருக்கும் இன்னொரு படைவீரரைக் கொண்டுவந்து, அவருக்காக ஒன்பதாவது ஆளை விலக்கும். முடிவில் அதிக மதிப்பெண் வாங்கிய படைவீரர் வெளியே, குறைவாக வாங்கிய படைவீரர் உள்ளே. சரியான முறை, படைவீரரைத் தொடாமல் தாண்டி, அவருக்கு மேலே ஒன்பதாவது இடத்தில் இருக்கும் ஆணை மட்டும் விலக்குவது. ஒரு ஒதுக்கீட்டை நிறைவேற்றுவதற்காக இன்னொரு ஒதுக்கீட்டைத் தாங்கி நிற்பவரை எடுக்கக் கூடாது. கையால் பட்டியல் போட்ட காலத்தில் இது தானாகவே கண்ணில் படும். பக்கத்து மேசைக்காரர் “அவர் மிலிட்டரி ஐயா, விட்டுவிடுங்கள்” என்பார். இப்போது ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் தனித்தனியே வடிகட்டி ஓட்டும்போது, அந்தப் பக்கத்து மேசைக்காரர் இல்லை.

இன்னொன்று, எந்தப் பிரிவின் தலையில் அந்த இடம் விழுகிறது என்பது. 1994இல் உத்தரப் பிரதேச மருத்துவச் சேர்க்கையில் இராணுவத்தினரின் பிள்ளைகள் உள்ளிட்டோருக்கான சிறப்பு இடங்கள் பெரும்பாலும் பொதுப் பிரிவின் மேலேயே சுமத்தப்பட்டன. அனில் குமார் குப்தா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், கிடைமட்ட ஒதுக்கீட்டைக் கூறுவாரியாகப் பிரித்து வைப்பதே நல்லது என்றது. அதாவது பொதுப் போட்டிக்குள் இத்தனை, பிற்படுத்தப்பட்டோருக்குள் இத்தனை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. மொத்தமாக ‘முன்னாள் படைவீரர் 12’ என்று மட்டும் அறிவித்தால், வந்த பன்னிரண்டு பேரின் சாதியைப் பொறுத்து எந்தக் கூறு சுருங்கும் என்பதே தெரிவுக்குப் பிறகுதான் தெரியும். படைவீரர் யாருமே கிடைக்காதபோது அந்த இடம் அதே சமூகக் கூறின் அடுத்த ஆளுக்குப் போவதே வழக்கம். இரண்டாம் கட்டப் பட்டியலில் திடீரென்று ஒருவர் முளைப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். நூலகத்துக்கு வரும் பிள்ளைகளோ ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு வரி விளக்கம் போட்டிருந்தால் அந்தப் பேச்சு எழாது.

வெளியே இருந்து பட்டியலைப் பார்க்கும் ஒருவர் பிழையைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். நான் இரண்டு இடங்களில் பென்சிலை வைப்பேன்.

ஒன்று, ஒரு கூறுக்குள் பெண்கள் எத்தனை என்று எண்ணுவது. குறைந்தபட்ச எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தால், அங்கே யாராவது மேலே கொண்டுவரப்பட்டிருக்கலாம், அது இயல்பு. குறைந்தபட்சத்தைவிட அதிகமாக இருந்தால், அங்கே யாரும் மேலே கொண்டுவரப்பட்டிருக்கக் கூடாது. அப்படியிருந்தும், தெரிவான கடைசிப் பெண்ணைவிட அதிக மதிப்பெண் வாங்கிய, அந்தக் கூறில் போட்டியிட உரிமையுள்ள ஓர் ஆண் வெளியே நின்றால், இரண்டு பெட்டி முறையில் நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். மேலே சொன்ன தவறான கணக்கில் பெண்கள் நான்கு, கடைசிப் பெண் பதினேழாம் ரேங்க், வெளியே நிற்கும் ஆண் எட்டாம் ரேங்க். உடனே அகப்பட்டுவிடும். தம்பியின் பட்டியலில் பெண்கள் சரியாகக் குறைந்தபட்ச எண்ணிக்கையில் இருந்தார்கள். அதனால்தான் அது சரியான பட்டியல் என்று அவரிடம் சொல்ல முடிந்தது.

மற்றொன்று, கட்-ஆஃப்களை ஒப்பிடுவது. பொதுப் போட்டிப் பெண்களின் கட்-ஆஃபைவிட அதிக மதிப்பெண் வாங்கிய எந்தச் சமூகப் பெண்ணும் எந்தப் பட்டியலிலும் இடமில்லாமல் நிற்கக் கூடாது. நின்றால் அது உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில் நடந்த பிழை. ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. வயது வரம்பு போன்ற சலுகையைப் பெற்றவர் பொதுப் போட்டிக்கு வர முடியாது என்று மத்திய அரசுப் பணிகளில் ஒரு விதி இருக்கிறது. பல துறைப் பணிகளுக்கு ஒரே கலந்தாய்வு நடக்கும்போது, ஒருவர் தான் விரும்பிய பதவிக்காக வேறு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கட்-ஆஃப் தலைகீழாகத் தெரியும். இந்த இரண்டும் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் வழக்கறிஞரைப் பற்றிப் பேச வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது எதையும் உங்கள் பட்டியலைப் பார்த்து அவர்களால் உறுதிசெய்ய முடியாது.

நான் கேட்பது அதிகம் இல்லை. இறுதிப் பட்டியலில் ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் எதிரே இப்போது சமூகமும் தெரிவான கூறும் இருக்கின்றன. அவற்றோடு இன்னும் ஒரு நெடுவரிசை சேருங்கள்: அவர் அந்தக் கூறுக்குள் தகுதி வரிசையில் வந்தாரா, பெண்கள் கணக்கை நிறைக்க மேலே கொண்டுவரப்பட்டாரா, படைவீரர் கணக்கை நிறைக்க மேலே கொண்டுவரப்பட்டாரா. ஒவ்வொரு கூறின் அடியிலும் நான்கு எண்கள் போதும். மொத்த இடம், பெண்களுக்குக் குறைந்தபட்சம், தகுதி வரிசையில் வந்த பெண்கள், மேலே கொண்டுவரப்பட்ட பெண்கள். படைவீரர்களுக்கும் அவ்வாறே. விலகியவர்களின் பெயர் வேண்டாம். ரேங்கும் மதிப்பெண்ணும் போதும். இந்தக் கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் செய்யாமல் நீங்கள் பட்டியல் போட்டிருக்கவே முடியாது. புதிதாக எதையும் தயாரிக்கச் சொல்லவில்லை, கோப்பில் இருக்கும் தாளை வெளியே வையுங்கள் என்கிறேன்.

இதனால் வழக்குகள் பெருகும் என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். பழைய நண்பர், உரிமையோடு சொன்னார். நான் பார்த்தவரை வழக்குப் போடுகிறவர்களில் பாதிப் பேர் தம்பியைப் போன்றவர்கள். சரியான பட்டியலைத் தவறு என்று நம்பியவர்கள். அவர்களுக்கு அந்த நான்கு எண்களைக் காட்டினால் அங்கேயே திரும்பிவிடுவார்கள். உண்மையிலேயே பிழை இருக்கும் பட்டியலோ, மறைத்து வைத்தாலும் இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் வெளியே வரும். அதற்குள் அதில் தெரிவானவர்கள் வேலையில் சேர்ந்து, வீட்டுக் கடன் வாங்கி, ஊர் மாறிப் போயிருப்பார்கள். அப்போது யாரை வெளியே அனுப்புவது என்ற கேள்வி உங்கள் மேசைக்குத்தான் திரும்பி வரும்.

அறிவிப்பின் காலியிட அட்டவணையையும் திருத்துங்கள். பொது, பெண் என்று இரண்டு வரிசை வேண்டாம். ‘பிற்படுத்தப்பட்டோர்: 10 இடங்கள், இவற்றில் குறைந்தது 3 பெண்கள், 1 முன்னாள் படைவீரர்’ என்று ஒரே வரிசை போதும். ‘குறைந்தது’ என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

தம்பி அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அந்த அறிவிப்பின் பின்னிணைப்பைப் போன வாரம் கொண்டுவந்து காட்டினார். பொது, பெண் என்று தனித்தனிக் கட்டங்கள்தான் இருந்தன.

இப்படிக்கு,
பதிவேடு எழுதி ஓய்வு பெற்ற ஒரு கண்காணிப்பாளர்